கந்த சஷ்டி விரதம்: அல்சர், நெஞ்செரிச்சல், மந்த வயிறு உள்ளவர்களுக்கு எந்த முறை ஒத்துவரும்?

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். தீபாவளி முறுக்கும் அதிரசமும் டப்பாவில் தீர்ந்திருக்காது, அதற்குள் ஆறு நாள் விரதம். வயிற்றுப் பிரச்சினைக்காக உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அந்த வாரத்துக்கு முன்பு என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இருக்கலாமா, கூடாதா?" இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது. விரதத்தை நம் ஊரில் நாலு விதமாக இருக்கிறார்கள். வயிற்றுக் கோளாறும் ஒரே வகை இல்லை. ஒருவருக்குப் பொருந்துகிற முறை இன்னொருவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

முதலில் அந்த நாலு முறைகள். தண்ணீரோ இளநீரோ மட்டும் குடித்து ஆறு நாளும் முழு உபவாசம் இருப்பது ஒன்று. தினம் சில மிளகை மட்டும் மென்று மிளகு விரதம் இருப்பவர்களும் இதில்தான் சேர்வார்கள். பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருக்கும் ஒருபொழுது இரண்டாவது. பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. உணவை விட்டுவிடாமல், அளவையும் வகையையும் குறைத்து, கஞ்சி, மோர், இட்லி என்று எளிமையாகச் சாப்பிட்டு விரதம் காப்பது நாலாவது. இந்த நாலாவதைப் பலர் "அதெல்லாம் விரதமா?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் விரதத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, உணவை விடுத்தேனும் சுருக்கியேனும் வழிபடுவது என்றுதான் சொல்கிறார். ஆறு நாளும் உபவாசம் உத்தமம் என்று எழுதிய அவரே, முடியாதவர்கள் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு சஷ்டியன்று உபவாசம் இருக்கலாம் என்றும் வழி விட்டிருக்கிறார். ஆக, முறையை மாற்றிக்கொள்வது நாம் புதிதாகக் கண்டுபிடித்த சலுகை இல்லை.

அடுத்து, உங்களுக்கு இருப்பது என்ன என்று தெரியவேண்டும். நம் ஊரில் வயிற்றில் எது எரிந்தாலும் "அல்சர்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையான அல்சர் என்பது இரைப்பையிலோ, அதை ஒட்டிய சிறுகுடலின் முதல் பகுதியிலோ இருக்கும் புண். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான் பெரும்பாலும் காரணம். சிறுகுடல் புண் என்றால் வயிறு காலியாக இருக்கும்போது, அதாவது சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ நடுராத்திரியிலோ, மேல் வயிற்றில் வலி வரும்; ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். எதுக்களிப்பு என்றால் எரிச்சல் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும். நிறையச் சாப்பிட்ட பிறகும், குனியும்போதும், படுக்கும்போதும் கூடும். புளித்த நீர் தொண்டைக்கு வரும். இரைப்பை மந்தம் என்றால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். மதியம் சாப்பிட்ட சோறு ராத்திரி வாந்தியில் அப்படியே வரும். பல வருடச் சர்க்கரை நோயில் இது வரலாம். இந்த அடையாளங்கள் எல்லோருக்கும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து இருக்காது. எண்டோஸ்கோபி செய்த ரிப்போர்ட் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வருடக்கணக்கில் "அல்சர் மாத்திரை" வாங்கிப் போடுகிறவர்கள், விரதத்துக்கு ஒரு மாதம் முன்பாவது டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

அல்சரிலிருந்து தொடங்குவோம். இரைப்பை, சாப்பாடு வந்தால்தான் அமிலம் சுரக்கும் என்பதில்லை. வெறும் வயிற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். சாப்பாடு இருந்தால் அமிலம் அதில் கலந்து நீர்த்துப்போகும். இல்லையென்றால் நேராகப் புண்மேல் படும். அதனால் அல்சர்காரருக்கு முதல் கேள்வி எந்த முறை என்பது இல்லை, புண் ஆறிவிட்டதா என்பதுதான். சிறுகுடல் புண் ஆற மாத்திரையோடு சுமார் நாலு வாரமும், இரைப்பைப் புண் ஆற எட்டு வாரமும் பிடிக்கும். கிருமிக்கான மருந்துக் கூட்டு வழக்கமாக 14 நாள் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்குள் கந்த சஷ்டி வந்தால், முழு உபவாசம், ஒருபொழுது இரண்டையும் விட்டுவிட்டு நாலாவது முறைக்குப் போவதே சரி. கிருமி மருந்தை விரதத்துக்காக நடுவில் நிறுத்திப் பிறகு தொடர்வது எல்லாவற்றையும்விட மோசம். கிருமி அரைகுறையாகத் தப்பினால் அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமல் போகலாம்.

இங்கேதான் பால் பழம் ஏமாற்றும். அல்சருக்குப் பால் நல்லது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். குடித்ததும் எரிச்சல் அடங்குவது உண்மைதான். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டும். கொஞ்ச நேரத்தில் பால் இறங்கிப்போகும், அமிலம் மிஞ்சும். ஒரு டம்ளர் பாலைக் காலையிலும் ஒன்றை ராத்திரியிலும் வெறுமனே குடித்துவிட்டு இடையில் பட்டினி கிடப்பது அல்சர்காரருக்கு ஒத்துவராததற்கு இதுதான் காரணம். அதே பாலோடு கனிந்த வாழைப்பழமோ, ஊறவைத்த அவலோ சேர்த்து மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அதையும் புண் ஆறியவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

மாத்திரை விஷயம் ஒன்று. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். சாப்பாடு வரும்போது அமிலம் சுரக்கும் பம்புகள் விழித்துக்கொள்ளும், அப்போதுதான் மாத்திரை அவற்றைப் பிடிக்கும். விரதத்தில் காலை ஆறு மணிக்குப் பழக்கப்படி மாத்திரை போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அதன் வேகத்தில் பாதி வீண். ஒருபொழுது இருப்பவர்கள் மாத்திரையை அந்த ஒரு வேளைக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "ஏங் கண்ணு, மாத்திரை போட்டா விரதம் முறிஞ்சிராதா?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். தண்ணீர் குடிக்கிற விரதம்தானே பாட்டி, அந்தத் தண்ணீரோடு ஒரு மாத்திரை போவதால் என்ன என்றேன். கோயில் குருக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சரி என்று போட்டுக்கொண்டார்.

அல்சர்காரர்களை விரதத்தில் உண்மையில் கவிழ்ப்பது பட்டினியைவிடத் தலைவலிதான் என்பேன். தினம் மூன்று காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் அன்று மாலையிலோ மறுநாளோ தலை பிளக்கும். உடனே மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை. அதில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ இருந்தால், ஏற்கெனவே புண் வந்த இடத்தில், வெறும் வயிற்றில் அது விழுகிறது. ரத்தக்கசிவுக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது. காபியைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அரை டம்ளராக, பிறகு கால் டம்ளராகக் குறைத்து வந்தால் தலைவலியே வராமல் போகலாம். வந்தாலும் பாராசிட்டமால்தான் போடவேண்டும். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை நிறுத்தவும் கூடாது, அதோடு முழு உபவாசம் இருக்கவும் கூடாது.

புண் முழுக்க ஆறிவிட்டது, கிருமி போய்விட்டது என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது, வலி மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்றால், ஒருபொழுது இருப்பதில் பெரிய தடை இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரவு ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். ஒரு மணிச் சாப்பாட்டுக்கும் மறுநாள் ஒரு மணிக்கும் இடையே 24 மணி நேரம் காலியாக விடுவதைவிட இது எவ்வளவோ மேல். பல வீடுகளில் ஒருபொழுதுக்குப் பிறகு ராத்திரி பால் பழம் ஏற்கெனவே வழக்கத்தில்தான் இருக்கிறது.

எதுக்களிப்பு உள்ளவர்கள் மூன்று பேரிலும் கொடுத்துவைத்தவர்கள். பட்டினியால் அவர்களுக்கு அவ்வளவு தீங்கு இல்லை. வயிறு உப்பாதவரை அமிலம் மேலே ஏறுவது குறையும். விரத நாட்களில்தான் நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. சிக்கல் விரதத்தை முடிக்கும் சாப்பாட்டில்தான். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு ஒரேயடியாக நிரம்பி விரியும்போது அது தளர்ந்து திறந்துகொள்ளும். எண்ணெய், நெய், காபி இவையும் அதைத் தளர்த்தும். நாள் முழுக்கப் பசியோடு இருந்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு வடை பாயசத்தோடு ஒரு கட்டு கட்டிவிட்டு, களைப்பில் ஒன்பதரைக்குப் படுத்தால், எந்த மாத்திரையும் அதைத் தடுக்காது.

ஆகவே இவர்களுக்கு ஒருபொழுது நல்ல தேர்வு. அந்த ஒரு வேளை மதியமாக இருக்கவேண்டும், ராத்திரியாக இருக்கக்கூடாது. அந்தச் சாப்பாட்டையும் ஒரே உட்காரலில் முடிக்காமல் பாதியைப் பன்னிரண்டரைக்கும் மீதியை இரண்டரைக்கும் சாப்பிடலாம். ஒருபொழுதின் கட்டுப்பாடு அதற்கு இடம் கொடுக்காது என்று நினைப்பவர்கள், வழக்கமான அளவில் முக்கால்வாசியோடு எழுந்துவிடுங்கள். பால் பழம் இருப்பவர்களுக்குக் கண்ணி படுக்கப் போகும்போது குடிக்கும் பால்தான். கடைசியாக எதைக் குடித்தாலும் படுக்க மூன்று மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிடவேண்டும். பழத்தில் ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசி, எலுமிச்சைச் சாறு வேண்டாம். வாழை, பப்பாளி போதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் வைப்பது, தலையணையை இரண்டாக அடுக்குவதைவிட நன்றாக வேலை செய்யும். தலையணை கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை அழுத்தும்.

யாரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சஷ்டி வாரத்தில் கோயிலிலும் வீட்டிலும் குனிந்து செய்யும் வேலை அதிகம். கோலம் போடுவது, விழுந்து கும்பிடுவது, சிலர் அங்கப்பிரதட்சிணம். பாலோ கஞ்சியோ குடித்த கையோடு இவற்றைச் செய்தால் குடித்தது தொண்டைக்கு வரும். கும்பிட்டுவிட்டு வந்து குடியுங்கள்.

மிளகு விரதம் இவர்களுக்கு வேண்டாம். உணவுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருப்பவருக்கு மிளகை மெல்லுவது எரிச்சலைக் கூட்டலாம். ஆனாலும் அந்த விரதத்தில் பெரிய ஆபத்து மிளகு இல்லை, ஆறு நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே உண்ணாமல் இருப்பது. ஐந்து நாளுக்கு மேல் சாப்பாடு இல்லாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறும் சர்க்கரையும் போனால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சடாரென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒல்லியானவர்கள், வயதானவர்கள், குடிப்பழக்கம் இருந்தவர்கள் இதில் முதலில் மாட்டுவார்கள். ஏழாம் நாள் பாறணைக்கு வாழை இலை நிறையப் பரிமாறும் வீடுகள், முழு உபவாசம் இருந்தவருக்கு மட்டும் கஞ்சியில் தொடங்கி, முதல் நாள் வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே நிறுத்துவதுதான் சரி. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும்கூட இது பொருந்தும்.

இரைப்பை மந்தத்துக்கு வந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. எதுக்களிப்புக்குப் பொருந்தின ஒருபொழுது இங்கே மிக மோசமான தேர்வு. நல்ல இரைப்பை சாப்பிட்ட திட உணவில் பெரும்பகுதியை நாலு மணி நேரத்தில் குடலுக்குத் தள்ளிவிடும். ஸ்கேனில் நாலு மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் மந்தம் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட வயிற்றில் ஒரு நாளின் சாப்பாடு முழுவதையும் ஒரே வேளையில் போட்டால் அது எங்கே போகும்? நெய்யும் எண்ணெயும் மேலும் மந்தமாக்கும். கீரை, பொரியல் நார், பழத்தோல், கொய்யா விதை எல்லாம் இரைப்பையிலேயே தங்கி உருண்டையாகத் திரண்டுவிடவும் வாய்ப்பு உண்டு. ஆனால் நீராகப் போகும் உணவு, திட உணவு தேங்கும் வயிற்றில்கூட ஓரளவு இறங்கிவிடும். அதனால் பால் பழமோ நாலாவது முறையோதான் இவர்களுக்கு.

ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 56. சர்க்கரை நோய் 17 வருடமாக. ராத்திரி நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டுக்கு முன் குறுகிய நேர இன்சுலின். ஸ்கேனில் நாலு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவீதம் தங்கியிருந்தது. முந்தைய வருடம் ஒருபொழுது இருந்திருக்கிறார். மதியம் ஒரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு சாம்பார், கீரை, பொரியல், அப்பளம், பாயசத்தோடு முழுச் சாப்பாடு. இரண்டரைக்கு வியர்த்துக் கை நடுங்கியது, சர்க்கரை 58. வீட்டில் பயந்துபோய் லட்டு கொடுத்தார்கள். லட்டும் அதே மந்த வயிற்றில்தான் போய் உட்கார்ந்தது, சர்க்கரை ஏறவே இல்லை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். ராத்திரி பத்து மணிக்கு மதியச் சோறும் கீரையும் வாந்தியாக வந்தன. அப்போது சர்க்கரை 310.

நடந்தது இதுதான். ஊசி ஒன்றேகால், ஒன்றரை மணிக்கெல்லாம் வேலையை ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு இரைப்பையை விட்டு நகரவில்லை. அதனால் முதலில் தாழ்ந்தது. ஊசியின் வேகம் அடங்கிய பிறகு சாப்பாடு மெல்ல மெல்ல இறங்க, லட்டும் சேர்ந்து, எகிறியது. சர்க்கரை எகிறினால் இரைப்பை இன்னும் மந்தமாகும். அவரோ, விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம், அதுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை ஒரு மாதம் முன்பே டாக்டரோடு உட்கார்ந்து திட்டம் போட்டோம். தீபாவளியன்று பலகாரம் ருசிக்கு மட்டும், எண்ணெய்ப் பலகாரம் ஒன்றே ஒன்று என்று முடிவானது. இல்லையென்றால் முதல் நாள் விரதமே பழைய சரக்கோடு தொடங்கும். ஆறு நாளும் காலை ஆறரை, ஒன்பதரை, பன்னிரண்டரை, மூன்றரை, மாலை ஆறரை என்று ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 150 முதல் 200 மில்லி. காலையில் கொழுப்பு குறைந்த பாலில் நன்றாகக் கனிந்த சின்ன வாழைப்பழம் ஒன்றை மசித்து, கட்டியில்லாமல் அடித்துக் கொடுத்தார்கள். ஒன்பதரைக்கு மோர். பன்னிரண்டரைக்குப் பாசிப்பருப்பும் அரிசி நொய்யும் குழைய வேகவைத்து வடிகட்டிய கஞ்சி. அரிசி வேண்டாம் என்று அவர் தயங்கிய நாளில் ஜவ்வரிசிக் கஞ்சி. மூன்றரைக்கு மறுபடி மோர் அல்லது பப்பாளிக் கூழ் கொஞ்சம் பாலோடு. மாலையில் பருப்புத் தண்ணீரும் பாலும். குடித்த பிறகு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தோ மெல்ல நடந்தோ இருப்பது. படுக்கை பத்து மணிக்கு.

நீண்ட நேர ஊசியை டாக்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார். குறுகிய நேர ஊசியையும் குறைத்து, குடிப்பதற்கு முன்பு போடாமல், குடித்து முடித்து வயிறு ஏற்றுக்கொண்டது தெரிந்த பிறகு போடச் சொன்னார். இது அவருக்குச் சொன்ன அளவு. உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் "சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. தினம் ஐந்து தடவை விரலில் குத்திப் பார்ப்பது, 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய விரதத்தை அதோடு முடித்துக்கொள்வது என்பது ஒப்பந்தம். மூன்றாம் நாள் மதியம் 82 வந்தபோது கஞ்சியை அரை மணி முன்கூட்டியே குடித்தார், அவ்வளவுதான். ஆறாம் நாள் உபவாசம் இருக்கவேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டார். அதற்கு மட்டும் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து தடவை நீராகாரத்தோடுதான் டிவியில் சூரசம்ஹாரம் பார்த்தார்.

அவருக்கு இளநீர் தராததற்கும் காரணம் உண்டு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பல வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் தளர்ந்திருக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும். அவர் அந்த மாத்திரை எடுப்பவர். சிறுநீரகம் நன்றாக இருக்கும் அல்சர்காரருக்கோ எதுக்களிப்புக்காரருக்கோ தினம் ஒரு இளநீர் தாராளமாகப் போகலாம்.

இன்னொரு சங்கதி. சர்க்கரைக்கோ எடைக்கோ செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு ஊசி போடுகிறவர்களுக்கு இந்த மந்தம் மருந்தாலேயே வரும். பசி இல்லாததால் "விரதம் சுலபமாகப் போகிறது" என்று தோன்றும். பாறணையன்று வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் வாந்தி பிடிக்கும். அவர்களும் மேலே சொன்ன நீராகார வழியில் போவது நல்லது.

ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கு இந்தத் தேர்வுகள் இவ்வளவு விரிவாக இல்லை. நேரம் மார்க்கம் வகுத்தது. பகலில் தண்ணீரும் இல்லை, மாத்திரையும் விழுங்க முடியாது. அதனால் முறையை மாற்றுவதைவிட, நோன்பு இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதே அங்கே முக்கியம். நோயாளிக்கு குர்ஆனே விலக்கு கொடுத்திருக்கிறது: தேறிய பிறகு வேறு நாட்களில் நோற்கலாம், தேறவே முடியாத நோய் என்றால் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யலாம். ஆறாத அல்சரும் இன்சுலின் போடும் மந்த வயிறும் அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய நிலைகள் என்பது என் கருத்து. எதுக்களிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம்: மாத்திரையை சஹர் உணவுக்கு அரை மணி முன்னால் போட்டு, சாப்பிட்டதும் மறுபடி படுக்காமல் இருந்து, நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியோடு நிறுத்தி, மீதியை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொண்டால் போதும். பள்ளிவாசல் கஞ்சி நல்லதுதான், கூட வரும் சமோசாவும் வடையும்தான் வேலையைக் காட்டும்.

எந்த முறையில் இருந்தாலும் சில அடையாளங்கள் வந்தால் விரதத்தை அந்த நிமிடமே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்த மலம், ரத்தமோ காபித்தூள் நிறத்திலோ வாந்தி என்றால் புண்ணில் ரத்தம் கசிகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்த ஒட்டும் தன்மையும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் என்றால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கத்தியால் குத்தியதுபோல் திடீர் வலி வந்து வயிறு பலகையாக இறுகினால் புண் ஓட்டையாகியிருக்கலாம்; அதற்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டிப்போகவேண்டும். பல மணி நேரம் முன்பு சாப்பிட்டது அடிக்கடி வாந்தியாக வருகிறது, எடையும் இறங்குகிறது என்றால், அதை மந்தம் என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது. பழைய அல்சர் தழும்பாகி இரைப்பையின் வாசலை அடைத்தாலும் இதே தொந்தரவுதான் வரும். எண்டோஸ்கோபி செய்து பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரக் கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்கப் போகிறவர்கள், ஆறாம் நாள் உபவாசத்திலும் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருங்கள்.

பாறணைக்கு அந்தப் பெண்மணிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது இரண்டு கரண்டி குழைந்த பச்சரிசிப் பொங்கல், நெய் அரைத் தேக்கரண்டி, மிளகு பொடித்துப் போட்டது, தேங்காய்ச் சட்னி இல்லாமல். மூன்று மணி நேரம் கழித்து அதே அளவில் இன்னொரு தடவை. பாயசத்தை அன்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.